கூட்டிவிடாதே, எண்ணியபடியே எழுது

பி.எட். படிக்கும்போது பள்ளிப் பயிற்சிக்காக என்னைக் கோவில்பட்டிப் பக்கத்தில் ஒரு அரசுப் பள்ளிக்கு அனுப்பினார்கள். பத்தாம் வகுப்புக் கணக்கு எடுக்கும் டீச்சர்தான் எனக்கு வழிகாட்டி. நான் போய்ச் சேர்ந்தபோது 'எண்களும் தொடர்வரிசைகளும்' பாடம் நடந்துகொண்டிருந்தது. யூக்ளிடின் வகுத்தல் துணைத்தேற்றம் முடிந்து, மட்டு எண்கணிதம் முடிந்து, கூட்டுத் தொடர்வரிசை தொடங்கும் நேரம்.

அந்தப் பாடத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் மனப்பாடமாக இருக்கும் ஒரு வரி உண்டு: tₙ = a + (n − 1)d. முதல் உறுப்பு a, பொது வித்தியாசம் d. இரண்டையும் கொடுத்து 57-ஆவது உறுப்பைக் கேட்டால் பாதி வகுப்பு நிமிடத்தில் விடை சொல்லிவிடும். அதே பிள்ளைகளிடம் ஒரு படத்தைக் காட்டி, 'இதே மாதிரி வளர்ந்துகொண்டே போனால் 57-ஆவது படத்தில் எத்தனை குச்சி இருக்கும்?' என்று கேட்டால் கை தூக்குபவர்கள் குறைந்துவிடுவார்கள். வாய்பாடு கையில் இருக்கிறது. அது எதை எண்ணுகிறது என்பது மட்டும் தெரியவில்லை. அந்த இடைவெளியை அடைக்க டீச்சர் வருடாவருடம் தீக்குச்சிப் பாடம் ஒன்று எடுக்கிறார். 'அ' பிரிவில் அவர் எடுப்பதைக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். பிறகு 'ஆ' பிரிவில் அதையே நான் எடுத்தேன். அவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். வெளியே இருந்து பார்த்தால் எளிய பாடம்தான். உள்ளே எவ்வளவு யோசனை இருக்கிறது என்பது அதைத் தயார் செய்தபோதுதான் புரிந்தது.

ஏன் இருபது குச்சி?

எங்கள் பக்கத்தில் குச்சிக்குப் பஞ்சமில்லை. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி என்று தீப்பெட்டித் தொழில் பரவிக் கிடக்கும் ஊர்கள். மருந்து தோய்க்காத வெறும் குச்சி சல்லிசாகக் கிடைக்கும். வகுப்பறைக்கு அதுதான் சரி. மருந்து வைத்த குச்சியை ஐம்பது பிள்ளைகளிடம் கொடுப்பது ஆபத்து. அதோடு ஒரு முனை பருத்து இருப்பதால் மூலைகள் ஒழுங்காகச் சேராது. வெறும் குச்சி ஏறக்குறைய நாலு சென்டிமீட்டர் நீளம். பத்துச் சதுரத்தை வரிசையாக அடுக்கினால் நாற்பது சென்டிமீட்டர். பெஞ்சில் இடம் போதும். மின்விசிறியை மட்டும் நிறுத்திவிட வேண்டும், காற்றில் குச்சி நகர்ந்துகொண்டே இருக்கும்.

இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு கட்டு. ஒரு கட்டில் இருபது குச்சி. பாடக்குறிப்பு எழுதும்போது நான் நாற்பது என்று போட்டிருந்ததை டீச்சர் அடித்து இருபது ஆக்கினார். "நாற்பது கொடுத்தா பத்தாவது படத்தையும் அடுக்கிருவாங்கம்மா. அடுக்கி எண்ணிட்டா யோசிக்க என்ன இருக்கு?" என்றார்.

பாடத்தின் முதல் படம் ஒரு சதுரம், நாலு குச்சி. இரண்டாவது படத்தில் இரண்டு சதுரங்கள் ஒட்டி நிற்கும். நடுக்குச்சி இரண்டுக்கும் பொது. ஆக ஏழு குச்சி. மூன்றாவதில் பத்து. இருபது குச்சியை வைத்து ஆறாவது படம் வரை போகலாம்; அதற்குப் பத்தொன்பது ஆகும், ஒன்று மிஞ்சும். ஏழாவதுக்கு இருபத்திரண்டு வேண்டும், கையில் இல்லை. அந்த இடத்தில் கேள்வி வருகிறது: பத்தாவது படத்துக்கு எத்தனை குச்சி? குச்சி தீர்ந்துபோனதால் கண்ணும் மனசும்தான் அடுக்க வேண்டும். பற்றாக்குறையைக் கணக்கிட்டுக் கொடுப்பதும் பாடத்தின் ஒரு பகுதி என்று அன்று தெரிந்துகொண்டேன்.

கூட்டாமல் எழுதுவது

பிள்ளைகளுக்கு இயல்பாக வருவது அட்டவணைதான். 4, 7, 10, 13 என்று எழுதி, மூணு மூணாகக் கூடுகிறது என்று கண்டுபிடித்துவிடுவார்கள். அது சரியான கவனிப்பு. ஆனால் அது முந்தைய படத்திலிருந்து அடுத்த படத்துக்குப் போகும் வழியை மட்டும் சொல்கிறது. பத்தாவதற்குப் போக ஒன்பதாவது வேண்டும், ஒன்பதாவதற்கு எட்டாவது வேண்டும். 57-ஆவது படத்துக்கு நேராகப் போக அதில் வழி இல்லை.

டீச்சர் அட்டவணையைத் தடுக்கவில்லை. கரும்பலகையின் ஓரத்தில் எழுதவிட்டார். பிறகு நடுவில் ஐந்தாவது படத்தை மட்டும் பெரிதாக வரைந்தார். "இதில் எத்தனை குச்சி என்று எனக்குத் தெரியும். விடை வேண்டாம். எப்படி எண்ணினாய் என்று மட்டும் சொல்" என்றார். முன் பெஞ்சு மாணவி ஒருத்தி எழுந்து, "முதல்ல ஒரு குச்சி நிக்குது டீச்சர். அப்புறம் ஒவ்வொரு சதுரத்துக்கும் மூணு மூணு" என்றாள். டீச்சர் இடது ஓரக் குச்சியைச் சிவப்புச் சுண்ணக்கட்டியில் தடவினார். அடுத்து மேலே ஒன்று, கீழே ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று மூன்று மூன்றாக ஐந்து கூட்டத்தை மஞ்சளில் தடவினார். பக்கத்தில் எழுதினார்:

1 + 5 × 3

வகுப்பு உடனே "பதினாறு" என்றது. டீச்சர் எழுதவில்லை. "கூட்டிவிடாதே. எண்ணியபடியே இருக்கட்டும்" என்றார். கீழே ஆறாவது படத்துக்கு 1 + 6 × 3, பத்தாவது படத்துக்கு 1 + 10 × 3, 57-ஆவது படத்துக்கு 1 + 57 × 3 என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார். பிறகு சுண்ணக்கட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "எது மாறுது, எது மாறலை?"

இந்தப் பாடம் முழுவதையும் தாங்கி நிற்கும் நுணுக்கம் இதுதான் என்று நினைக்கிறேன். 16, 19, 31, 172 என்று கூட்டி எழுதிவிட்டால் அந்த எண்களுக்குள் படம் மறைந்துவிடும். பதினாறைப் பார்த்தால் அதில் ஐந்தும் தெரியாது, மூன்றும் தெரியாது, அந்தத் தனிக் குச்சியும் தெரியாது. கூட்டாமல் வைத்தால் ஒன்று அப்படியே நிற்கிறது, மூன்று அப்படியே நிற்கிறது, நடுவில் ஒரே ஒரு எண் மட்டும் 5, 6, 10, 57 என்று மாறிக்கொண்டு வருகிறது. மாறும் அந்த எண் படத்தின் வரிசை எண். அந்த இடத்தில் n போடுவதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1 + n × 3 என்று பிள்ளைகளே எழுதிவிட்டார்கள். ஆரம்ப வகுப்பிலிருந்து விடையைக் கண்டுபிடித்து முடி என்றே பழக்கியிருக்கிறோம். இங்கே விடையை முடிக்காமல் வைத்திருப்பதுதான் வேலை. அது அவர்களுக்குப் புதிது. 'ஆ' பிரிவில் நான் எடுத்தபோதும் "கூட்டிவிடாதீங்க" என்பதைத்தான் அதிகம் சொல்ல வேண்டியிருந்தது.

ஐந்தாவது படத்தை ஏன் எடுத்தார் என்பதையும் பிறகு கேட்டேன். முதல் படமோ இரண்டாவது படமோ ரொம்பச் சின்னது. எண்ணும் விதம் அதில் உருவாகாது, கண் பார்த்த உடனே தொகை தெரிந்துவிடும். ஐந்தில் எண்ணித்தான் ஆக வேண்டும், எண்ணும்போது ஒரு முறை பிடிபடும். அதோடு இந்தப் படத்தில் 3 நிலையாக வருகிறது. மூன்றாவது படத்தை எடுத்தால் 1 + 3 × 3 என்று வந்து எந்த 3 மாறுகிறது, எந்த 3 மாறாது என்று குழப்பும். நாலாவது படத்திலும் சிக்கல் உண்டு. சதுரத்துக்கு நாலு பக்கம் என்ற நாலும், படத்தின் நாலும் மோதும். ஐந்தில் அந்த மோதல் இல்லை.

ஒரே படம், நாலு கண்

"வேற மாதிரி எண்ணினவங்க இருக்கீங்களா?" என்று டீச்சர் கேட்டதும் கைகள் எழுந்தன. அதே ஐந்தாவது படத்தை மீண்டும் வரைந்து, ஒவ்வொரு முறைக்கும் வேறு நிறத்தில் தடவினார்.

ஒரு மாணவன் முதல் சதுரத்தை முழுசாக எடுத்துக்கொண்டான்: நாலு குச்சி. பிறகு சேரும் ஒவ்வொரு சதுரத்துக்கும் மூன்று. ஐந்தாவது படத்தில் சேர்ந்தவை நாலு சதுரங்கள். ஆக 4 + 4 × 3. பொதுவாக 4 + (n − 1) × 3. டீச்சர் இதன் அருகில் எதுவும் பேசாமல் a + (n − 1)d என்று எழுதினார். வகுப்பில் ஒரு சலசலப்பு. மனப்பாடமாக இருந்த வரியில் இருக்கும் (n − 1) எங்கிருந்து வந்தது என்று பலருக்கு அப்போதுதான் கண்ணில் பட்டது. முதல் சதுரம் ஏற்கெனவே இருக்கிறது. சேர்ப்பது அதற்கு அடுத்ததிலிருந்துதான். ஆகவே சேர்க்கும் தடவைகள் ஒன்று குறைவு.

இன்னொருத்தி ஒவ்வொரு சதுரத்துக்கும் நாலு என்று ஐந்து சதுரத்துக்கு இருபது எண்ணி, நடுவில் இரண்டு தடவை எண்ணப்பட்ட நாலு குச்சியைக் கழித்தாள். 5 × 4 − 4, அதாவது 4n − (n − 1). நாலாவதாக ஒருவன் சதுரத்தையே பார்க்கவில்லை. மேல் வரிசையில் படுத்த குச்சி ஐந்து, கீழ் வரிசையில் ஐந்து, நிற்கும் குச்சி ஆறு என்றான். 5 + 5 + 6. பொதுவாக n + n + (n + 1).

நாலும் பலகையில் பக்கம் பக்கமாக நின்றன. இப்போதுதான் சுருக்கச் சொன்னார். நாலும் 3n + 1 ஆயின. ஒன்பதாம் வகுப்பில் பல்லுறுப்புக் கோவைகளைச் சுருக்கியபோது எதற்காக இதைச் செய்கிறோம் என்ற கேள்வி சிலரிடம் இருந்திருக்கும். இங்கே அதற்குத் தேவை தானாக எழுகிறது: நாலு பேர் நாலு விதமாக எழுதியிருக்கிறார்கள், நாலும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். சுருக்கிப் பார்ப்பதுதான் வழி.

இதில் ஆசிரியர் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான், ஆனால் கஷ்டமானது. மாணவன் சொல்லும் வேகத்தில் அவன் எண்ணிய ஒழுங்கிலேயே படத்தில் நிறம் தடவ வேண்டும். நமக்குத் தெரிந்த முறைக்கு அவனை இழுத்துவிடக் கூடாது. அதனால் வகுப்புக்கு முந்தைய நாள் இந்த நாலு முறைகளையும் தாளில் நிறம் பிரித்து வரைந்து பழகச் சொன்னார் டீச்சர். யார் எதைச் சொன்னாலும் கை தயங்கக் கூடாது என்பதற்காக.

31-க்கு இரண்டு மடங்கு 62 இல்லை

பத்தாவது படத்துக்கு 31 குச்சி என்று எல்லோரும் சொன்ன பிறகு டீச்சர் இருபதாவது படத்தைக் கேட்டார். வேண்டுமென்றே கேட்ட எண் அது. 'அ' பிரிவிலும், பிறகு என்னுடைய 'ஆ' பிரிவிலும், பல குரல்கள் "அறுபத்திரண்டு" என்றன. பத்துக்கு 31 என்றால் இருபதுக்கு அதன் இரண்டு மடங்கு. ஒரு பேனா ஐந்து ரூபாய் என்றால் இரண்டு பேனா பத்து ரூபாய் என்று கணக்குப் போட்டே பழகிய மனசுக்கு இது இயல்பு. 3n + 1 எழுதிய அதே மாணவன்கூட இருபது என்று கேட்டதும் வாய்பாட்டை விட்டுவிட்டு மடங்குக்குத் தாவுவான்.

தவறு என்று சொல்லாமல் டீச்சர் செய்ததை அப்படியே நானும் செய்தேன். முன் பின் பெஞ்சு இரண்டு ஜோடிகளைத் தலா மூன்று சதுரம் அடுக்கச் சொன்னேன். ஒரு ஜோடியிடம் பத்து குச்சி, இன்னொரு ஜோடியிடம் பத்து குச்சி. "இப்போ ரெண்டையும் ஒட்டி ஆறு சதுரம் ஆக்குங்க." நகர்த்தி ஒட்டும்போது ஓரத்தில் நின்ற இரண்டு குச்சிகளும் ஒரே இடத்தில் வந்து நின்றன. ஒன்றை எடுத்தால்தான் வரிசை சரியாகும். எடுத்த குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு அந்த மாணவி என்னைப் பார்த்தாள். "இது எதுக்கு மிஸ்?" என்றாள். அவள் கேள்விக்குப் பக்கத்துப் பையன் பதில் சொன்னான்: "ஒட்டுற இடத்துல ரெண்டு பேருக்கும் ஒண்ணு போதும்ல." இருபதும் பத்தொன்பதும் அவர்கள் கையிலேயே இருந்தன. அப்படியானால் இரண்டு பத்துச் சதுர வரிசைகளை ஒட்டினால்? 62-இலிருந்து ஒன்று போய் 61. 3 × 20 + 1-உம் 61.

3n + 1-இல் இருக்கும் அந்த '+ 1' எவ்வளவு வேலை செய்கிறது என்பதை இது காட்டிவிடுகிறது. அந்தத் தனிக் குச்சி இல்லாமல் வெறும் 3n ஆக இருந்தால் இரண்டு மடங்கு சரியாக வந்திருக்கும். ஆரம்பக் குச்சி ஒரு தடவைதான் வேண்டும். மடங்காக்கும்போது அதையும் சேர்த்து மடங்காக்கிவிடுகிறோம்.

சரிபார்க்க முதல் உறுப்பு போதாது

சில பிள்ளைகள் n + 3 என்று எழுதுவார்கள். 'மூணு மூணாகக் கூடுகிறது' என்பதை எழுத்தில் அப்படியே மாற்றினால் n + 3 தான் வரும். இன்னும் சிலர் சதுரத்துக்கு நாலு பக்கம் என்பதை வைத்து 4n என்பார்கள். எழுதியதைச் சரிபார்க்கச் சொன்னால் n = 1 போட்டுப் பார்த்து, "நாலு வருது மிஸ், சரிதான்" என்பார்கள்.

அவர்கள் சொல்வது உண்மை. n = 1 போட்டால் n + 3-உம் 4, 4n-உம் 4, 3n + 1-உம் 4. முதல் உறுப்பு மூன்றையும் பிரித்துக் காட்டாது. n = 2 போட்டால் முதலாவது 5, இரண்டாவது 8, மூன்றாவது 7. குச்சியை எண்ணினால் ஏழு. இரண்டாவது உறுப்பில்தான் தவறு வெளியே வருகிறது. அதனால் டீச்சரின் வகுப்பில் ஒரு வழக்கம்: பொது உறுப்பை எழுதியவர் அதை முதல் படத்தில் பார்த்துவிட்டு, கொஞ்சம் தள்ளியுள்ள இன்னொரு படத்திலும் பார்க்க வேண்டும், அந்தப் படத்தைக் குச்சியால் அடுக்கி எண்ணியிருக்க வேண்டும்.

அதன்பின் தலைகீழ்க் கேள்வி. 50 குச்சி இருந்தால் எத்தனை சதுரம் வரிசையாக அடுக்கலாம்? 3n + 1 = 50 என்றால் 3n = 49; மூன்றால் மீதியின்றி வகுபடாது. 16 சதுரத்துக்கு 49 குச்சி, ஒன்று மிஞ்சும். அடுத்து, மிச்சமே இல்லாமல் 200 குச்சியில் இப்படி ஒரு வரிசை அமையுமா? அமையாது, 199 என்றால் 66 சதுரம் சரியாக வரும். இங்கே டீச்சர் சற்று நிறுத்தி, சில நாள் முன் நடத்திய பகுதியைத் தொட்டார். இந்த வரிசையின் எந்த உறுப்பையும் மூன்றால் வகுத்தால் மீதி 1. இருநூறை மூன்றால் வகுத்தால் மீதி 2. சமன்பாடு போடாமலே 200 இந்த வரிசையில் இல்லை என்று சொல்லிவிடலாம். மட்டு எண்கணிதமும் கூட்டுத் தொடர்வரிசையும் ஒரே பாடத்தில் இருப்பதற்குப் பொருள் இருக்கிறது என்று அப்போது சில முகங்களில் தெரிந்தது.

அட்டவணை கைவிடும் இடம்

இவ்வளவையும் 4, 7, 10, 13 என்ற அட்டவணையிலிருந்தே, வித்தியாசம் 3 என்று பார்த்து, படமே இல்லாமல் எழுதிவிட முடியும். தேர்வில் அப்படித்தான் எழுதுவார்கள். அப்படியிருக்க, குச்சிக்கும் நிறத்துக்கும் ஒரு பாடவேளையைச் செலவிட வேண்டுமா என்ற கேள்வி நியாயமானது. அதற்கான விடை இரண்டாவது பாடவேளையில் இருந்தது.

இப்போது ஒரு பெஞ்சுக்கு இரண்டு கட்டுகள், நாற்பது குச்சி. சதுரங்களை வரிசையாக அடுக்காமல் கட்டமாக அடுக்க வேண்டும். முதல் படம் ஒரு சதுரம். இரண்டாவது, இரண்டுக்கு இரண்டு. மூன்றாவது, மூன்றுக்கு மூன்று. எண்ணி எழுதினால் 4, 12, 24. நாலுக்கு நாலு கட்டத்துக்குச் சரியாக நாற்பது குச்சியும் தீர்ந்துவிடும்.

முதல் இரண்டு எண்களை மட்டும் பார்த்த சில பிள்ளைகள் d = 8 என்று எடுத்து மூன்றாவதற்கு 20 எழுதினார்கள்; அடுக்கிப் பார்த்தால் 24. வித்தியாசங்கள் 8, 12, 16 என்று தாமே வளர்கின்றன. பொது வித்தியாசம் என்று ஒன்று இங்கே இல்லை. இது கூட்டுத் தொடர்வரிசையே அல்ல. a + (n − 1)d-க்கு இங்கே இடமில்லை. அட்டவணையை மட்டும் நம்பியவர்கள் இங்கே நின்றுவிட்டார்கள்.

முந்தைய பாடவேளையில் நாலாவது முறையில் எண்ணிய மாணவன்தான் வழி காட்டினான். படுத்த குச்சி, நிற்கும் குச்சி என்று பிரித்தவன். மூன்றுக்கு மூன்று கட்டத்தில் படுத்த குச்சி வரிசைகள் நாலு. ஒவ்வொன்றிலும் மூன்று குச்சி. நிற்கும் குச்சிகளும் அதே அளவு. 4 × 3 + 4 × 3. கூட்டாமல் வைத்துக்கொண்டு அடுத்த கட்டத்துக்கு 5 × 4 + 5 × 4. மாறுவது கட்டத்தின் எண்ணும் அதைவிட ஒன்று கூடுதலான எண்ணும். ஆக 2n(n + 1). பத்துக்குப் பத்துக் கட்டத்துக்கு 220 குச்சி என்று அடுக்காமலே சொல்லிவிட்டார்கள்.

வரிசை மாறிவிட்டது, வாய்பாடு மாறிவிட்டது. எண்ணும் ஒழுங்கைக் கூட்டாமல் எழுதி, மாறுவதைக் கண்டுபிடிக்கும் வழி மட்டும் மாறவில்லை. பொது வித்தியாசத்தைத் தேடும் வழி கூட்டுத் தொடர்வரிசையோடு நின்றுவிடும். படத்தைப் பார்க்கும் வழிக்கு அந்த எல்லை கிடையாது. அதோடு இன்னொன்றும் உண்டு. 4, 7, 10, 13 என்ற நாலு எண்கள் அடுத்தது 16 என்று உறுதி தருவதில்லை. இதுவரை அப்படி நடந்தது என்று மட்டும்தான் சொல்கின்றன. புதுச் சதுரம் ஒவ்வொன்றும் பழைய சதுரத்தோடு ஒரு பக்கத்தைப் பகிர்ந்துகொள்கிறது, ஆகவே மூன்று குச்சிதான் வேண்டும் என்ற காரணம் படத்தில் மட்டுமே இருக்கிறது.

துண்டுச் சீட்டை எப்படிப் படிப்பது?

வகுப்பு முடியும்போது ஆளுக்கொரு துண்டுச் சீட்டில் ஒரே ஒரு கேள்வி. ஐந்து பக்கம் கொண்ட உருவங்கள், ஐங்கோணங்கள், வரிசையாக ஒட்டி நிற்கின்றன. n-ஆவது படத்தில் எத்தனை குச்சி? உன் விடையில் உள்ள ஒவ்வொரு எண்ணும் படத்தில் எங்கே இருக்கிறது என்று காட்டு.

இரண்டாவது வரிதான் முக்கியம் என்று சீட்டுகளைப் பிரித்தபோது தெரிந்தது. மதிப்பெண் போடாமல் டீச்சரும் நானும் அவற்றை மூன்று குவியலாக்கினோம். 4n + 1 அல்லது 5n − (n − 1) என்று எழுதி, படத்தில் முதல் குச்சியையோ பொதுக் குச்சிகளையோ வட்டமிட்டுக் காட்டியவை ஒரு பக்கம். 5n என்றோ n + 4 என்றோ எழுதியவை இன்னொரு பக்கம். இவர்கள் எங்கே தடுக்கினார்கள் என்பது விடையிலேயே தெரிகிறது. முதலாமவர் பொதுக் குச்சியை இரண்டு தடவை எண்ணியிருக்கிறார். இரண்டாமவர் கூடும் எண்ணை n-உடன் நேராகக் கூட்டிவிட்டார்.

நான் தனியாகப் பார்த்திருந்தால் கவனிக்காமல் விட்டிருக்கக்கூடியது நடுக் குவியல்தான். 5 + 4(n − 1) என்று சரியாக எழுதியிருக்கிறார்கள், படத்தில் எதையும் காட்டவில்லை. விடைத்தாளில் முழு மதிப்பெண் வாங்கும் விடை அது. "இவங்ககிட்ட நாளைக்கு ஒண்ணு கேளும்மா. ஏழாவது படத்துல உன் (n − 1) எதுன்னு தொட்டுக் காட்டுன்னு கேளு" என்றார் டீச்சர். கேட்டேன். சிலர் இரண்டாவது ஐங்கோணத்திலிருந்து ஒவ்வொன்றாகத் தொட்டு ஆறு என்று எண்ணிக் காட்டினார்கள். அவர்களுக்குப் புரிந்துதான் இருக்கிறது, எழுத நேரமில்லை. வேறு சிலர் கையைப் படத்தின் மேல் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, "வாய்பாட்டுல இருக்கு மிஸ்" என்றார்கள். சரியான விடைக்குப் பின்னால் இந்த இரண்டில் எது இருக்கிறது என்று தாளைப் பார்த்துச் சொல்ல முடியாது. தொட்டுக் காட்டச் சொன்னால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். இரண்டாம் வகையினரோடு மறுபடி இருபது குச்சியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

சீட்டில் இன்னொரு நல்ல விஷயமும் கிடைத்தது. முக்கோண வரிசைக்கு 2n + 1, சதுரத்துக்கு 3n + 1, ஐங்கோணத்துக்கு 4n + 1 என்று ஒருத்தி தானாகவே வரிசைப்படுத்தி, எல்லாவற்றிலும் அந்த 1 மாறாமல் இருப்பதைக் குறித்திருந்தாள். எந்த உருவமானாலும் ஆரம்பத்தில் ஒரு குச்சி; பிறகு அதன் பக்கங்களில் ஒன்று குறைவாகச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். நாங்கள் கேட்காத கேள்விக்கு அவள் பதில் எழுதியிருந்தாள்.

அடுத்து இந்தப் பாடத்தில் வருவது தொடர்களின் கூடுதல். அதற்கும் டீச்சர் குச்சியைத்தான் எடுக்கிறார். சின்ன முக்கோணங்களை அடுக்கிப் பெரிய முக்கோணம் கட்ட வேண்டும்: முதல் வரிசையில் நிமிர்ந்த முக்கோணம் ஒன்று, அடுத்த வரிசையில் இரண்டு, அதற்கடுத்து மூன்று. குச்சிகள் 3, 9, 18. இந்தப் படத்தில் ஒவ்வொரு குச்சியும் ஒரே ஒரு நிமிர்ந்த முக்கோணத்துக்குத்தான் சொந்தம். இடையில் தெரியும் தலைகீழ் முக்கோணங்கள் தாமாக அமைந்துவிடுகின்றன. ஆகவே நிமிர்ந்த முக்கோணங்களை எண்ணி மூன்றால் பெருக்கினால் போதும். கூட்டாமல் எழுதினால் மூன்றாவது படத்துக்கு 3 × (1 + 2 + 3). இருபது வரிசைக்கு 3 × (1 + 2 + … + 20). அடைப்புக்குறிக்குள் இருப்பதை ஒவ்வொன்றாகக் கூட்டப் பிள்ளைகளுக்குப் பொறுமை இராது. குறுக்குவழி உண்டா என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி வந்த பிறகுதான் கூடுதல் வாய்பாட்டைப் பலகையில் எழுத வேண்டும் என்பது டீச்சரின் ஏற்பாடு. 1 முதல் 20 வரை கூட்டினால் 210, குச்சிகள் 630. 'ஆ' பிரிவுக்கான பாடக்குறிப்பில் நானும் அதே ஒழுங்கில் எழுதியிருக்கிறேன்: முதலில் ஒரு பெஞ்சுக்கு நாற்பது குச்சி, அதில் நாலு வரிசை வரைதான் கட்ட முடியும், ஐந்தாவதுக்கு நாற்பத்தைந்து வேண்டும்.